விலைவாசியோடு வளரும் அசல்

1780ஆம் ஆண்டு. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலப் படைவீரர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பள பாக்கி மலைபோல் குவிந்திருந்தது. போர்ச் செலவுக்காக அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணத்தை அதற்குள் யாரும் மதிப்பதில்லை என்றாகிவிட்டது. இன்று வாங்கும் சம்பளம் அடுத்த ஆண்டு என்ன பெறும் என்று எந்த வீரனாலும் சொல்ல முடியாத நிலை.

மாநில அரசு அவர்களுக்குப் பணமாகக் கொடுக்காமல் ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளில் இருந்த நிபந்தனை அதுவரை பார்த்திராத ஒன்று. ஐந்து புஷல் சோளம், அறுபத்தெட்டரை ராத்தலுக்குச் சற்று மேற்பட்ட மாட்டிறைச்சி, பத்து ராத்தல் ஆட்டு ரோமம், பதினாறு ராத்தல் செருப்புத் தோல். இந்த நான்கு பொருள்களையும் சேர்த்து வாங்க அன்றைக்கு 130 பவுண்டு பணம் ஆனது. பத்திரம் முதிரும் நாளில் இதே கூடை சரக்கு 130 பவுண்டுக்கு மேல் விற்றால் அசலும் வட்டியும் அதே விகிதத்தில் கூடும்; குறைந்து விற்றால் அதே விகிதத்தில் குறையும். 1777ஆம் ஆண்டுச் சட்டம் குறித்திருந்த விலையில் இந்தக் கூடைக்கு நான்கு பவுண்டுதான் ஆகும். மூன்றே ஆண்டில் முப்பத்திரண்டரை மடங்கு ஏறியிருந்தது விலை. அந்தக் கணக்கும் பத்திரத்திலேயே அச்சாகியிருந்தது.

பொருளாதார நிபுணர் ராபர்ட் ஷில்லர் இந்தப் பத்திரங்களின் கதையைத் தேடி எடுத்து 2003இல் கட்டுரையாக எழுதினார். பணவீக்கத்தோடு இணைந்த கடன் பத்திரங்களைப் பற்றிப் பேசும் எவரும் இந்தத் தோலையும் ரோமத்தையும் தொடாமல் போவதில்லை. இன்றைய பத்திரங்களின் உள்ளே ஓடும் இயந்திரம் அந்தத் தாளிலேயே முழுதாக இருக்கிறது என்பதுதான் காரணம். கடன் கொடுத்தவருக்குத் திரும்பி வர வேண்டியது இத்தனை பவுண்டு என்ற எண்ணிக்கை அல்ல. அந்தப் பவுண்டு அன்று வாங்கிய சரக்கு.

சாதாரணக் கடன் பத்திரம் இதற்கு நேர்மாறானது. ஒருவர் ஒரு லட்சம் ரூபாயைப் பத்தாண்டுப் பத்திரத்தில் போடுகிறார். ஆண்டுதோறும் வட்டி வருகிறது, பத்தாம் ஆண்டின் முடிவில் அந்த ஒரு லட்சமும் ஒரு ரூபாய் குறையாமல் கைக்கு வருகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் அந்தப் பத்தாண்டும் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறியிருந்தால், திரும்பி வந்த லட்சத்தைக் கொண்டு முதலீடு செய்த நாளில் 56 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கக்கூடிய சரக்கைத்தான் வாங்க முடியும். மீதி 44 ஆயிரத்தை யாரும் திருடவில்லை. விலைவாசி தின்றுவிட்டது.

இந்த இழப்பை ஈடுகட்டத்தானே வட்டி தருகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 7 சதவீத வட்டி என்றால் அதில் பெரும்பகுதி, வரப்போகும் விலையேற்றத்துக்காக முன்கூட்டியே கொடுக்கும் ஈடு. சிக்கல் அந்த ‘முன்கூட்டியே’ என்ற சொல்லில் இருக்கிறது. பத்திரம் விற்கும் நாளில், அடுத்த பத்தாண்டு விலை எவ்வளவு ஏறும் என்று அரசும் முதலீட்டாளரும் ஊகிக்கிறார்கள். ஊகம் பொய்த்துவிட்டால் இருவரில் ஒருவருக்கு அடி விழுகிறது. பணவீக்க இணைப்புப் பத்திரம் அந்த ஊகத்தையே ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுகிறது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அதைப் பின்னர் அளந்து அசலில் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது பேச வேண்டியது அதற்கு மேல் எவ்வளவு வட்டி என்பதை மட்டும்தான். அந்த ‘மேல்’ பகுதிக்கு மெய் வட்டி என்று பெயர்.

எப்படி அளக்கிறார்கள், எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைக் காட்ட, தொடக்கம் முதல் முடிவு வரை வாழ்ந்து முடித்த ஒரு பத்திரத்தையே எடுத்துக்கொள்வது நல்லது.

1997 ஜனவரி மாத இறுதியில் அமெரிக்கக் கருவூலம் தன் முதல் பணவீக்க இணைப்புப் பத்திரத்தை ஏலம் விட்டது. பத்தாண்டுப் பத்திரம். 1997 ஜனவரி 15 முதல் கணக்குத் தொடங்கும், 2007 ஜனவரி 15 அன்று முதிரும். வட்டி ஆண்டுக்கு 3.375 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக. இப்படிப்பட்ட பத்திரங்களை அங்கே ‘டிப்ஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள்.

அசலை ஏற்றி இறக்கும் அளவுகோல், அமெரிக்க நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டெண். மாதம் ஒருமுறை வெளிவரும் எண் அது. பத்திரமோ ஒவ்வொரு நாளும் சந்தையில் கைமாறும், ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் வேண்டும். அதோடு, ஒரு மாதத்தின் விலைவாசியைத் திரட்டி வெளியிட அடுத்த மாத நடுப்பகுதி ஆகிவிடுகிறது. இந்த இரண்டு சிக்கலுக்கும் ஒரே ஏற்பாடு செய்தார்கள். எந்த மாதத்தின் முதல் தேதியானாலும் அதற்கு மூன்று மாதம் முந்தைய குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வது. இடைப்பட்ட நாள்களுக்கு அந்த எண்ணிலிருந்து அடுத்த மாத எண்ணுக்கு நாளொரு படியாக ஏறிப் போவது.

1997 ஜனவரி 1ஆம் தேதிக்கு உரியது 1996 அக்டோபர் எண்: 158.3. பிப்ரவரி 1ஆம் தேதிக்கு உரியது நவம்பர் எண்: 158.6. இடையில் 31 படிகள். ஜனவரி 15 அன்று 14 படி ஏறியாயிற்று. ஆகவே அன்றைய எண் 158.3உடன் 0.3இல் 31இல் 14 பங்கைக் கூட்டினால் கிடைக்கும் 158.43548. இதுதான் இந்தப் பத்திரத்தின் அடியெண். பத்தாண்டும் மாறாது. இனி எந்த நாளானாலும் அந்த நாளின் எண்ணை இந்த அடியெண்ணால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதை முக மதிப்பால் பெருக்கினால் அன்றைய அசல்.

ஒருவர் ஆயிரம் டாலர் பத்திரம் வைத்திருந்ததாகக் கொள்வோம். முதல் வட்டி நாள் 1997 ஜூலை 15. அன்றைய எண் 160.15484. அடியெண்ணால் வகுத்தால் 1.01085. அசல் ஆயிரம் டாலரிலிருந்து 1,010.85 டாலராக வளர்ந்திருந்தது. ஆறு மாத வட்டி 1.6875 சதவீதம். அது பழைய ஆயிரத்துக்கு அல்ல, வளர்ந்த அசலுக்கு. எனவே கைக்கு வந்த வட்டி 17.06 டாலர். அசலில் கூடிய பத்துச் சொச்சம் டாலர் கைக்கு வரவில்லை. அது பத்திரத்துக்குள்ளேயே தங்கி, அடுத்த தவணையில் தானும் வட்டி ஈட்டத் தொடங்கியது.

இப்படியே இருபது தவணை. கடைசி நாளான 2007 ஜனவரி 15 அன்று எண் 201.66452. விகிதம் 1.27285. அசலாகத் திரும்பியது 1,272.85 டாலர், கடைசி வட்டி 21.48 டாலர். முதல் வட்டி 17.06, கடைசி வட்டி 21.48. வட்டி விகிதம் மாறவே இல்லை. தொகை கூடியதற்கு ஒரே காரணம், அது கணக்கிடப்பட்ட அசல் விலைவாசியோடு சேர்ந்து வளர்ந்தது. 1997இல் ஆயிரம் டாலருக்கு வாங்கிய அதே கூடை சரக்குக்கு 2007இல் 1,272 டாலர் 85 சென்ட் ஆயிற்று. அந்தத் தொகையே அவர் கையில் இருந்தது. அதற்கு மேல் வட்டி முழுவதும் அவருக்கு உண்மையான வருமானம்.

இந்தப் பத்திரத்தின் கடைசி சில வாரங்களில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அது. 2006 நவம்பர் 1 அன்று இதே பத்திரத்தின் அசல் 1,286.96 டாலராக இருந்தது. முதிர்வு நாளுக்குள் 14 டாலர் கரைந்துவிட்டது. 2006 ஆகஸ்டில் 203.9 ஆக இருந்த விலைக் குறியீட்டெண் நவம்பருக்குள் 201.5க்கு இறங்கியது, மூன்று மாதத் தாமதத்தோடு அந்த இறக்கம் பத்திரத்தின் இறுதி நாள்களில் வந்து சேர்ந்தது. ஏறும் ஏணியிலேயே இறங்கவும் வேண்டும் என்பது இந்தப் பத்திரத்தின் விதி.

அசல் முக மதிப்புக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் உண்டே என்றால், உண்டு. விலைவாசி பத்தாண்டும் சரிந்துகொண்டே போனாலும் முதிர்வில் ஆயிரம் டாலர் நிச்சயம். ஆனால் அந்தத் தரை ஆயிரத்தில் இருக்கிறது, 1,286இல் அல்ல. சேர்ந்துவிட்ட வளர்ச்சிக்குப் பாதுகாப்பு கிடையாது. புதுப் பத்திரத்தை ஏலத்தில் வாங்குபவருக்கு இந்தத் தரை காலடியிலேயே இருக்கும். ஐந்தாறு ஆண்டு ஓடிய பழைய பத்திரத்தைச் சந்தையில் வாங்குபவருக்கோ அது வெகு கீழே. அவர் ஆயிரம் டாலர் பத்திரத்துக்கு, சேர்ந்த வளர்ச்சிக்கும் சேர்த்து 1,250 டாலர் கொடுத்திருக்கலாம். விலைவாசி இறங்கினால் அந்த 250ம் கரைய இடமுண்டு. பழைய பத்திரம் வாங்கும் முன் அதன் விகிதம் ஒன்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் இது தெரிந்துவிடும்.

சரி, 1997இல் இந்தப் பத்திரத்தை வாங்கியவர் செய்தது லாபமான காரியமா? பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அதே நாள்களில் சாதாரணப் பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரம் ஏறக்குறைய 6.6 சதவீதம் தந்தது. டிப்ஸ் ஏலத்தில் கிடைத்த மெய் வட்டி ஏறக்குறைய 3.45. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 3.15. அடுத்த பத்தாண்டில் விலைவாசி சராசரியாக ஆண்டுக்கு 3.15 சதவீதத்துக்கு மேல் ஏறினால் டிப்ஸ் வாங்கியவர் முந்துவார், அதற்குக் கீழே இருந்தால் சாதாரணப் பத்திரக்காரர் முந்துவார். இந்தச் சமநிலைப் புள்ளியைத்தான் சந்தையில் எல்லோரும் முதலில் கணக்கிடுவார்கள். உண்மையில் ஏறியது ஆண்டுக்கு 2.44 சதவீதம். சாதாரணப் பத்திரக்காரர் முந்திவிட்டார்.

அதனால் டிப்ஸ் தோற்றுவிட்டது என்று சொல்வது சரியாகாது. வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்தவர், பத்தாண்டும் தீப்பிடிக்கவில்லை என்பதற்காகப் பிரீமியத்தை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் அந்த ஆயிரம் டாலர் அசல் 1,629 ஆகியிருக்கும், சாதாரணப் பத்திரத்தின் அசல் ஆயிரத்திலேயே நின்றிருக்கும். டிப்ஸ் வாங்கியவருக்கு எந்த நிலைமையிலும் வாங்கும் சக்தி உறுதி. அதுதான் அவர் வாங்கிய சரக்கு.

உறுதி என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு: முதிரும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு இதைப் பலருக்கு வலிக்க வலிக்கக் கற்றுக் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் விலைவாசி ஆண்டுக் கணக்கில் 9.1 சதவீதம் ஏறியிருந்தது, நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். பணவீக்கத்திலிருந்து காக்கும் பத்திரம் வைத்திருந்தவர்கள் அந்த ஆண்டு கொழித்திருக்க வேண்டும். ஆனால் டிப்ஸ் பத்திரங்களில் போட்டிருந்த நிதிகள் பல இரட்டை இலக்க நஷ்டத்தைக் காட்டின. அசல் ஏறவில்லையா? ஏறியது, சொன்னபடியே. சந்தை விலைதான் விழுந்தது.

காரணம் மெய் வட்டி. 2022 தொடக்கத்தில் பத்தாண்டு டிப்ஸின் மெய் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. அதாவது, வாங்கும் சக்தியில் சிறிது இழந்தாலும் பரவாயில்லை, பாதுகாப்பு கிடைத்தால் போதும் என்று வாங்கினார்கள். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென்று உயர்த்தியதும், அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் மெய் வட்டி ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வரும் பத்திரம் ஒன்றரை சதவீதம் தரும்போது, ஒன்றுமே தராத பழைய பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்? விலை சரிந்தது. அசலில் கூடியதை விட விலையில் குறைந்தது அதிகம். அந்தப் பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு இந்தச் சரிவு வெறும் காகிதக் கணக்கு. இடையில் பணம் தேவைப்பட்டு விற்றவருக்கு அது கைநஷ்டம். முப்பது ஆண்டுப் பத்திரம் போல நீண்ட காலப் பத்திரமானால் இந்த ஆட்டம் இன்னும் கடுமையாக இருக்கும்.

இந்தியாவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அது மாசசூசெட்ஸ் கூடைக்கே திரும்பப் போகும் பாடம்.

இந்திய அரசு இதை முதலில் முயன்றதும் 1997இல்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ‘மூலதனக் குறியீட்டுப் பத்திரம்’ என்ற பெயரில் ஐந்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது, வட்டி 6 சதவீதம். அதில் முதிர்வில் வரும் அசலுக்கு மட்டுமே விலைவாசி இணைப்பு. வட்டி பழைய அசலுக்கே கணக்கிடப்பட்டது. பாதி மழைக்குக் குடை பிடித்தது போன்ற அந்தப் பத்திரத்துக்கு வரவேற்பு குறைவாக இருந்தது. அத்தோடு அது நின்றுபோயிற்று.

2013இல் நிலைமை வேறு. சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. வங்கி வைப்பு நிதி வட்டியில் வரி போக மிஞ்சுவது விலையேற்றத்துக்கே காணவில்லை. மக்கள் தங்கம் வாங்கிக் குவித்தார்கள். அதை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வெளியேறியது. தங்கத்துக்கு மாற்றாகச் சேமிப்பாளர்களிடம் கொடுக்க ஒன்று வேண்டும் என்று அரசும் ரிசர்வ் வங்கியும் எண்ணின. 2013 ஜூன் 4 அன்று பத்தாண்டுப் பணவீக்க இணைப்புப் பத்திரம் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் அமைந்த மெய் வட்டி 1.44 சதவீதம். இம்முறை அசல், வட்டி இரண்டுக்குமே இணைப்பு. முதிர்வில் முக மதிப்புக்குக் குறையாது என்ற தரையும் உண்டு. வடிவத்தில் குறை ஒன்றும் இல்லை, அமெரிக்கப் பத்திரத்தின் உடன்பிறப்பு போலத்தான் இருந்தது.

குறை அளவுகோலில் இருந்தது. அசலை மொத்த விலைக் குறியீட்டெண்ணோடு கட்டியிருந்தார்கள்.

மொத்த விலைக் குறியீட்டெண் என்பது ஆலை வாசலிலும் மண்டியிலும் பொருள்கள் கைமாறும் விலையை அளப்பது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பொருள்கள். இரும்பு, ரசாயனம், நூல், சிமென்ட் போன்றவை. கச்சா எண்ணெயின் ஏற்ற இறக்கம் அதை உடனே உலுக்கும். பள்ளிக் கட்டணம் அதில் இல்லை. மருத்துவர் வாங்கும் பீஸ் இல்லை. வீட்டு வாடகை இல்லை, பஸ் டிக்கெட் இல்லை. சேவைகள் எதுவுமே இல்லை. இவை எல்லாம் இருப்பது நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில். அப்போது அதில் ஏறக்குறைய பாதி உணவு. மாதம் பிறந்தால் மளிகைக் கடைக்கும் வாடகைக்கும் பணம் எண்ணி வைக்கும் குடும்பத்துக்கு உரிய அளவுகோல் இரண்டாவதுதான்.

பத்திரம் வந்த நாளிலேயே இரண்டு எண்களும் விலகித்தான் இருந்தன. 2013 மே மாதம் மொத்த விலையேற்றம் 5 சதவீதத்துக்கும் கீழே, சில்லறை விலையேற்றம் 9க்கும் மேலே. பத்திரத்தின் அசல் முதல் எண்ணோடு நடந்தது, வாங்கியவரின் வீட்டுச் செலவு இரண்டாவது எண்ணோடு ஓடியது. பிறகு 2014 நடுப்பகுதியில் நூறு டாலருக்கு மேலிருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கி, 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே போனது. அதோடு சேர்ந்து மொத்த விலைக் குறியீட்டெண் ஏறுவதையே நிறுத்தி இறங்கத் தொடங்கியது. 2014 நவம்பரிலிருந்து 2016 மார்ச் வரை மாதந்தோறும் அது முந்தைய ஆண்டை விடக் குறைவாகவே பதிவானது. அதே காலத்தில் சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீத அளவில் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு ஆண்டை அந்தப் பத்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இது. துவரம் பருப்பு விலை உச்சியில் நின்ற ஆண்டு 2015. கிலோ 200 ரூபாய்க்குப் போன ஊர்கள் உண்டு. அந்த விலை கொடுத்துப் பருப்பு வாங்கிய குடும்பத்தின் கையில், பணவீக்கத்திலிருந்து காப்பதாகப் பெயர் வைத்த பத்திரம் இருந்திருந்தால், அதன் அசல் அந்த ஆண்டு ஏறவில்லை, இறங்கியது. கணக்கில் பிழை கிடையாது. விகிதம் சரி, வகுத்தல் சரி, தாமதம் சரி. அளந்த கூடைதான் வேறு யாருடைய கூடையோ. மாசசூசெட்ஸ் அரசு சோளமும் இறைச்சியும் ரோமமும் தோலும் எழுதி வைத்ததை இப்போது எண்ணிப் பார்க்கலாம். படைவீரன் உண்பதும் உடுப்பதும் காலில் போடுவதும் அவை.

அரசுக்கும் இது புரியாமல் இல்லை. ஜூன் மாதப் பத்திரம் வந்த அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, தனிநபர்களுக்கென்றே இன்னொரு திட்டம் வங்கிக் கிளைகளில் தொடங்கியது. பணவீக்க இணைப்பு தேசியச் சேமிப்புப் பத்திரம். இது நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்தது. குறைந்தபட்ச முதலீடு 5,000 ரூபாய், காலம் பத்தாண்டு. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் நிலையானது, அதற்கு மேல் விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டி அசலில் சேர்ப்பார்கள், எல்லாம் முதிர்வில் மொத்தமாக வரும். ஓர் அரையாண்டில் விலைவாசி இரண்டரை சதவீதம் ஏறியது என்றால், அதோடு முக்கால் சதவீதம் சேர்த்து மூன்றேகால். 5,000 ரூபாய் 5,162 ரூபாய் 50 காசு ஆகும். அடுத்த அரையாண்டுக் கணக்கு அதன் மேல் தொடங்கும். விலைவாசி இறங்கினால்கூட அந்த ஒன்றரை சதவீதம் குறையாது.

இத்தனை நல்ல ஏற்பாடு இருந்தும் மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கிகளில் அப்போது நீண்டகால வைப்பு நிதிக்கு 9 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தது. அது கண்ணால் பார்க்கும் எண். இங்கே கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றரை சதவீதம் மட்டும்; மற்றது இனி வரப்போகும் ஏதோ ஒரு குறியீட்டெண். மூத்த குடிமக்கள் ஓராண்டும் மற்றவர்கள் மூன்றாண்டும் ஆகும் முன் பணத்தை எடுக்க முடியாது, பிறகு எடுத்தாலும் அபராதம். மாதாமாதம் வட்டியை நம்பி வாழும் ஓய்வூதியருக்கு, எல்லாமே பத்தாண்டு கழித்து வரும் என்பது பயன்படாத ஏற்பாடு. 2014 மார்ச் 31உடன் விற்பனை முடிந்தது.

அந்த 9 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தவறு செய்தார்களா? 2013 நவம்பரில் சில்லறை விலையேற்றம் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த வேகம் நீடித்திருந்தால் பத்திரம் பன்னிரண்டரை சதவீதம் தந்து வைப்பு நிதியை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளியிருக்கும். நீடிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அது 5 சதவீதத்தை ஒட்டி வந்தது, பத்திரத்தின் வருமானம் ஆறரைக்கு இறங்கியது. சமநிலைப் புள்ளி அங்கே ஏழரை சதவீதமாக இருந்தது: ஒன்பதிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் வருவது. அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்து, பத்தாண்டும் சராசரியாக ஏழரைக்கு மேல் விலை ஏறுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு ஒருவர் முடிவெடுத்திருந்தால், எந்தப் பக்கம் போயிருந்தாலும் அது தெரிந்து எடுத்த முடிவு.

ஆனால் சமநிலைக் கணக்கிலும் வராத ஒன்று இருந்தது. அதுதான் இந்தியச் சேமிப்பாளரை மிகவும் பாதித்திருக்கக்கூடியது. வரி. இந்தப் பத்திரங்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் கொடுக்கப்படவில்லை. விலைவாசிக்கு ஈடாகக் கூடும் தொகையும் வட்டி வருமானமே, அதற்கும் வழக்கமான வரி. விலைவாசி 5 சதவீதம் ஏறிய ஆண்டில் பத்திரம் ஆறரை சதவீதம் தருகிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு அதில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் போய்விடும், மிஞ்சுவது நாலரைச் சொச்சம். விலைவாசி ஏறியதோ ஐந்து. வாங்கும் சக்தியைக் காக்கும் என்று சொல்லி விற்ற பத்திரத்திலேயே அவருடைய வாங்கும் சக்தி தேய்கிறது. வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்குச் சொன்ன பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கிறது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு மயிரிழையில் தப்புகிறது.

பணவீக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்த ஓட்டை பெரிதாகும் என்பதும் கவனிக்க வேண்டியது. விலைவாசி 10 சதவீதம் ஏறும் ஆண்டில் பத்திரம் தரும் பதினொன்றரையில் 30 சதவீத வரி போனால் மிஞ்சுவது எட்டு. இரண்டு சதவீதம் நஷ்டம். எந்த நாளில் பாதுகாப்பு அதிகமாகத் தேவைப்படுகிறதோ அந்த நாளில் வரி அதிகமாகக் கடிக்கிறது. அமெரிக்காவிலும் இதே குறை வேறு வடிவில் உண்டு. அங்கே அசலில் கூடும் தொகை கைக்கு வராமலேயே அந்தந்த ஆண்டு வருமானமாகக் கருதப்படும். வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள் டிப்ஸ் பத்திரங்களை வரி தள்ளிப்போகும் ஓய்வுக்காலக் கணக்குகளுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

2013 ஜூனில் வந்த 1.44 சதவீதப் பத்திரம் தன் பத்தாண்டை முடித்து 2023 ஜூன் 5 அன்று முதிர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதியில் கொரோனாவுக்குப் பிந்தைய ஏற்றமும் உக்ரைன் போரும் சேர்ந்து மொத்த விலைக் குறியீட்டெண்ணை ஆண்டுக்கு இரட்டை இலக்கத்தில் உயர்த்தின. சில்லறை விலையேற்றம் அப்போது அதில் பாதியளவுதான். பொறுமையாகக் கடைசி வரை வைத்திருந்தவருக்கு, தொடக்கத்தில் இழந்ததில் ஒரு பகுதி அந்த இரண்டு ஆண்டில் திரும்பி வந்தது. 2015இல் பருப்புக்குக் கொடுத்த பணத்துக்கான ஈடு, டீசலும் இரும்பும் ஏறிய 2022இல் வந்து சேர்ந்தது.